ஒர்க் ஃப்ரம் ஹோம் பில் காசையும் சம்பளத்துல சேத்து நோட்டீஸ் வந்துச்சு, நான் பதில் போட்ட கதை

வில்லாபுரம்_வீடு

பெங்களூர் கம்பெனி, நான் உக்காந்து வேலை பாக்குறது வில்லாபுரத்துல எங்க வீட்டு மாடில. 2023-24-ல வீட்டு வேலைக்குன்னு கம்பெனி எனக்கு மொத்தம் 33,932 ரூபா குடுத்துச்சு. ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் பில்லே கேக்காம மாசம் 2,000 போட்டாங்க, அது 8,000. ஆகஸ்ட்ல இருந்து பாலிசி மாறிருச்சு, பிராட்பேண்ட் பில்ல ஏத்துனாத்தான் காசு, மாசம் 1,179 வீதம் எட்டு மாசத்துக்கு 9,432. மீதி 16,500 சேரும் மேசையும் வாங்குன காசு.

ஃபார்ம் 16 வந்தப்ப பாத்தா மூணும் ஒண்ணா சம்பளத்துக்குள்ள கிடக்கு, டிடிஎஸ்ஸும் புடிச்சிருக்காங்க. என் கையில இருந்து செலவழிச்ச காசை திருப்பிக் குடுத்துட்டு அதுக்கு எப்பிடி வரி போடலாம்னு எனக்கு ஒரே ஆத்திரம். ரிட்டர்ன் போடுறப்ப வேலைச் செலவு அலவன்ஸுக்கு விலக்கு கேக்குற `10(14)(i)` கட்டத்துல மொத்த 33,932-யும் விலக்குன்னு போட்டுட்டேன், பழைய ரெஜிம்தான், 20 சதவீத ஸ்லாப், செஸ்ஸோட சேத்து சுமார் 7,058 ரீஃபண்ட் வரணும்.

ஆகஸ்ட் 2024 கடைசில `143(1)(a)` நோட்டீஸ் வந்துருச்சு. ஃபார்ம் 16-ல இல்லாத விலக்கை கேட்டிருக்க, அதை சேக்கப் போறோம், 30 நாளைக்குள்ள பதில் சொல்லுன்னு. பதில் போடலேன்னா அவங்களே சேத்துருவாங்க. நான் பதில் போட்டு முடிச்சாச்சு, என்ன நடந்துச்சுன்னு கீழ சொல்றேன், இதே மாதிரி மாட்டுனவங்க உங்க கதையவும் சொல்லுங்க.

பரவை_தம்பி

அக்கா, எனக்கும் நோட்டீஸ் வந்துச்சு, அப்பாவுக்கு வாடகை குடுத்ததுக்கு ஹெச்ஆர்ஏ கேட்டிருந்தேன். ரசீதெல்லாம் ஏத்திவிட்டேன், ஒத்துக்கிட்டாங்க. நீங்களும் பில்லெல்லாம் ஏத்திவிட்டா போதும்.

வில்லாபுரம்_வீடு

தம்பி, ஹெச்ஆர்ஏ சட்டத்துலயே பேர் போட்டு இருக்கிற விலக்கு. என்னோடதுல அந்தக் காசு சம்பளமே கிடையாதுன்னுதான் சண்டை. இந்த வித்தியாசம் புரியாமத்தான் நானே முதல்ல தப்புப் பண்ணேன்.

ஒத்தக்கடை_ராஜ்

புது ரெஜிம்னா இதெல்லாம் பேசவே முடியாதுங்க, ஒண்ணும் கழிக்க விடமாட்டாங்க. நீங்க பழையதுல இருந்ததால தப்பிச்சீங்க.

தெப்பக்குளம்_கணக்கு

ராஜ் தம்பி சொல்றது பாதி சரி. புது ரெஜிம்ல பெரும்பாலான விலக்கு போயிருச்சு, உண்மைதான். ஆனா கம்பெனி வேலைக்காக செலவு பண்ணி பில்லு குடுத்து வாங்குன காசு வருமானமே இல்லேன்னா, அதுல விலக்கு எங்க இருந்து வரும்? அதுக்கு ரெஜிம் ஒரு பொருட்டே இல்ல. நான் ஆடிட்டர் ஆபீஸ்ல இருபது வருசமா இந்த வேலை பாக்குறேன்.

அம்மா, நீங்க அந்தக் கட்டத்துல போட்டதுதான் பலவீனம். `10(14)(i)`-க்குள்ள வர்றது ரூல் 2BB-ல இருக்கு: டூர், தினப்படி, கன்வேயன்ஸ், ஹெல்பர், ரிசர்ச், யூனிஃபார்ம், அம்புட்டுத்தான். வீட்டுல இருந்து வேலை பாக்குறதுக்குன்னு அங்க ஒண்ணும் இல்ல. மூணு தொகையையும் ஒரே மூட்டையா கட்டாதீங்க. பில்லே இல்லாம மாசாமாசம் வந்த 8,000 அலவன்ஸ்தான், அதுக்கு வரி உண்டு, விட்டுருங்க.

வில்லாபுரம்_வீடு

சார் சொன்னதைத்தான் எனக்கு நோட்டீஸ் வந்தப்ப எங்க தெருவுல ஒரு பெரியவரும் சொன்னாரு. 8,000-ஐ விடச் சொன்னப்ப மனசு ஒப்பலை, ஆனா யோசிச்சுப் பாத்தா நான் அந்தக் காசை என்னத்துக்கு செலவழிச்சேன்னு காட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்ல.

பதில் போட்டது இப்பிடி. `Pending Actions` உள்ள `e-Proceedings`-ல நோட்டீஸைத் திறந்து `Disagree` குடுத்தேன். காரணம் எழுதுறப்ப வரி அநியாயம்னெல்லாம் எழுதலை, மூணு விசயம் மட்டும். ஒண்ணு, 33,932-ல 8,000-க்கு நான் எதிர்ப்பு சொல்லலை. ரெண்டு, பிராட்பேண்ட் 9,432 கம்பெனி பாலிசிப்படி பில்லுக்கு எதிரா மட்டுமே குடுத்தது, பில்லு தேதியும் க்ளெய்ம் நம்பரும் மாசவாரியா இதோ. மூணு, மேசை சேர் காசும் அதே மாதிரி பில்லுக்கு வந்தது. பில்லைப் புரட்டிப் பாக்குறப்பதான் கவனிச்சேன், எங்க கனெக்‌ஷனோட ஒரு லேண்ட்லைன் நம்பரும் இருக்கு, அதுவும் பில்லுல அச்சாகியிருக்கு.

தெப்பக்குளம்_கணக்கு

அந்த லேண்ட்லைன் நம்பர் நல்ல பிடி. சம்பளம் போக கம்பெனி குடுக்குற சலுகைக்கு மதிப்பு போடுற ரூல் 3-ல, ஊழியர் சார்பா கம்பெனி செலவழிக்கிற டெலிபோன் செலவை சேக்கக் கூடாதுன்னு இருக்கு, மொபைலும் அதுல அடங்கும். போன் நம்பரே இல்லாத வெறும் ஃபைபர் கனெக்‌ஷன்னா அந்த ரூலை அப்பிடியே பிடிக்க முடியாது, வேலைக்குத்தான்னு கம்பெனி லெட்டரை வச்சு நிக்கணும்.

இன்னொண்ணு, அங்க முதல்ல பாக்குறது மிஷினு, அது உங்க பதிலை ஃபார்ம் 16 கூட பொருத்திப் பாக்கும். கம்பெனி சம்பள டிடிஎஸ் கணக்கு குடுக்குற `24Q`-ல திருத்தம் போடாத வரைக்கும் பொருந்தாது. அதைக் கேட்டீங்களா?

வில்லாபுரம்_வீடு

பே ரோல்ல முதல்ல முடியவே முடியாதுன்னாங்க, வருசம் முடிஞ்சு போச்சாம். எங்க ஹெச்ஆர் பொண்ணுக்கு அவங்களோட பாலிசி பக்கத்தையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, உங்க ஆப்லயே இதுக்குப் பேரு ரீஇம்பர்ஸ்மென்ட், ஃபார்ம் 16-ல மட்டும் ஏன் ஸ்பெசல் அலவன்ஸ்னு கேட்டேன். மூணு வாரம் இழுத்தாங்க. அப்புறம் பிராட்பேண்டுக்கு மட்டும் லெட்டரும் குடுத்து `24Q`-ம் திருத்துனாங்க, நவம்பர்ல புது ஃபார்ம் 16 வந்துச்சு.

அதை வச்சு டிசம்பர் 31-க்கு முன்னாடியே ரிவைஸ்டு ரிட்டர்ன் போட்டேன். `10(14)(i)` கட்டத்தை காலியா விட்டுட்டேன், திருத்துன ஃபார்ம் 16-ல சம்பளமே 9,432 குறைஞ்சிருக்கு, அதை அப்பிடியே எடுத்துக்கிட்டேன். 1,960 ரீஃபண்ட் வந்துருச்சு. சேர் மேசை காசை இப்போதைக்கு சம்பளத்துலயே விட வேண்டியதாப் போச்சு.

ஒத்தக்கடை_ராஜ்

சேர் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? லேப்டாப்புக்கு வரி இல்லையே, அதுவும் வேலை பாக்குற சாமான்தான?

தெப்பக்குளம்_கணக்கு

லேப்டாப் கம்பெனி சொத்து, உங்க கையில குடுத்து உபயோகிக்க விடுறாங்க, அதுக்கு ரூல்லயே மதிப்பு பூஜ்யம். கம்பெனிக்குச் சொந்தமான சேர்னாலும் வருசத்துக்கு விலையில 10 சதவீதம்தான் சலுகைக் கணக்கு, 16,500-க்கு 1,650. அம்மா, பில்லு யார் பேர்ல இருக்கு, வேலைய விட்டா சேரை திருப்பிக் குடுக்கணுமா?

வில்லாபுரம்_வீடு

கீழவாசல் பக்கம் கடையில வாங்குனது, கையில எழுதுன பில்லு, என் பேரு மட்டும்தான் இருக்கு, கம்பெனி ஜிஎஸ்டி நம்பரே இல்ல. பாலிசியிலயும் திருப்பிக் கேக்குற பேச்சே இல்ல.

தெப்பக்குளம்_கணக்கு

அப்ப சேரு உங்களுது. உங்க சாமானுக்கு கம்பெனி காசு குடுத்ததாத்தான் ஆபீசர் எடுத்துக்குவாரு. வேலைக்காக மட்டுமேன்னு வாதாடலாம், நான் தடுக்கலை, ஆனா 3,432 ரூபா வரிக்காக எம்புட்டு தூரம் போறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். அப்பீலுக்கு ஃபார்ம் 35, உங்க வருமானத்துக்கு ஃபீஸே 1,000.

பரவை_தம்பி

எங்க கம்பெனில அடுத்த மாசம் சேர் வாங்கச் சொல்லியிருக்காங்க. கம்பெனி பேர்லயே பில்லு போடச் சொல்லவா சார்?

தெப்பக்குளம்_கணக்கு

வாங்குறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்ட்ட கேட்டு மெயில்ல வாங்கிக்கங்க, கம்பெனி பேரு, ஜிஎஸ்டி நம்பர், விலகுறப்ப திருப்பிக் குடுப்பேன்னு ஒரு வரி. பின்னாடி பில்லை மாத்தச் சொல்லி கடைக்காரர்ட்ட போய் நிக்காதீங்க, அது வேற பிரச்னை.

வில்லாபுரம்_வீடு

என் கூட வேலை பாக்குற திருமங்கலம் பொண்ணு அதே சேருக்கு சம்பளத்துல சேக்காம கணக்கு போட்டு பதில் குடுத்திருக்கா, அவளுக்கு இன்னும் இன்டிமேசன் வரலை. வந்ததும் அவளையே இங்க எழுதச் சொல்றேன்.