'ரிஜெக்ட் வாட்டர்': கழிவுநீரா, ஒதுக்குநீரா?

கோத்தகிரி, கையேடு எழுதுபவர்:
ஆர்.ஓ. குடிநீர் இயந்திரத்தின் பழுதுபார்ப்புக் கையேட்டில், வடிகட்டும்போது அது வெளியே தள்ளும் 'ரிஜெக்ட் வாட்டர்' வரும் இடமெல்லாம் 'கழிவுநீர்' என்று போட மனம் வரவில்லை. எங்கள் வீட்டு இயந்திரத்தையே பாருங்கள். ஜனவரி பிறந்ததும் குடிதண்ணீர் நூல்போல் விழுகிறது. வெளியே போகிற தண்ணீர் மட்டும் குறையவில்லை. காலை ஏழு மணிக்கு அளவுக் குவளையைப் பிடித்தேன். ஒரு நிமிடத்தில் நல்ல தண்ணீர் 125 மி.லி., மற்றது 450 மி.லி.

குன்னூர், ஆசிரியர்:
உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பிரேன் உப்படைத்துவிட்டது. அடைத்தால் இப்படித்தான்: நல்லது குறையும், மற்றது அப்படியே போகும். மாற்றிவிடுங்கள். 'கழிவுநீர்' என்றால்தான் எல்லோருக்கும் புரியும்.

கூடலூர்:
கழிவுநீர்த் தொல்லை எங்களுக்கும் உண்டு. மழை வந்தால் செப்டிக் டேங்க் ததும்புகிறது. யாராவது வழி சொல்லுங்களேன்.

உதகை, சர்வீஸ் பார்ப்பவர்:
கூடலூர் அண்ணா, இது சாக்கடை விஷயம் இல்லை. ஆசிரியர் ஐயா, அறிகுறி சரிதான், முடிவுதான் அவசரம். 75 ஜி.பி.டி., அதாவது நாளுக்கு 75 காலன் என்று குறித்த மெம்பிரேன் நிமிடத்துக்கு 197 மி.லி. தரும் என்பது 25 டிகிரி தண்ணீருக்கான கணக்கு. ஒரு டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். தண்ணீர் 12 டிகிரி இருந்தால் 130தான் வரும். வெளியேறும் குழாயில் ஓட்டத்தை நெருக்கிப் பிடிக்கும் ரெஸ்ட்ரிக்டருக்குக் குளிர் அவ்வளவாக உறைக்காது, அதனால் 450 அப்படியே நிற்கும். மதியம் மறுபடி பிடியுங்கள். நல்ல தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் அளவைப் பாருங்கள், மெம்பிரேன் கெட்டிருந்தால் பெரும்பாலும் அது ஏறியிருக்கும். பம்புக்குப் பின்னால் கேஜ் வைத்து அழுத்தத்தையும் பாருங்கள். இரண்டு ஓட்டமுமே குறைந்தால் முன் ஃபில்டர் அடைப்பு. வெளியேறுவது கூடி அழுத்தம் இறங்கினால் ரெஸ்ட்ரிக்டர் தேய்ந்துவிட்டது.

கோத்தகிரி:
காலையில் தண்ணீர் 12 டிகிரிதான். மதியம் 19 டிகிரியில் 160 மி.லி. வந்தது. அழுத்தம் 60 பி.எஸ்.ஐ., இறங்கவில்லை. டி.டி.எஸ். உள்ளே 90, நல்லதில் 6. மெம்பிரேனை மாற்றவில்லை. வெளியே போன தண்ணீரிலும் வைத்துப் பார்த்தேன்: 113. பாத்திரம் கழுவ, செடிக்கு ஊற்ற என்ன குறை? இதைக் கழிவு என்று எழுதினால் படிப்பவர் சாக்கடையில் விடுவார். கூடலூர் நண்பருக்கு செப்டிக் டேங்க் நினைவு வந்ததும் அந்தச் சொல்லால்தான். 'ஒதுக்குநீர்' என்று போடலாமா?

குன்னூர்:
மெம்பிரேன் விஷயத்தில் தவறிவிட்டேன். ஆனால் 'ஒதுக்கு' என்றால் ஒதுக்கீடும்தானே? நகராட்சி நமக்கு ஒதுக்கிய நீர் என்று படிப்பார்கள். உப்பு செறிவதால் 'செறிநீர்' பொருந்தும்.

உதகை:
90 இருந்தது 113 ஆனால் செறிவு என்று யார் நம்புவார்கள்? சமவெளியில் உப்புத்தண்ணீர் போர்வெல்லுக்கு அது பொருந்தும். நான் போகிற வீடுகளில் எல்லோரும் 'வேஸ்ட் தண்ணி' என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். இனி 'விடுநீர்' என்று சொல்லிப் பார்க்கிறேன்.

கோத்தகிரி:
'விடுநீர்' காதுக்கு இதம். ஆனால் அணையில் திறந்துவிடும் நீரையும் அது குறிக்குமே. இந்தப் பதிப்பில் 'ஒதுக்குநீர்' போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'ரிஜெக்ட் வாட்டர் எனப்படும் ஒதுக்குநீர்' என்று எழுதுகிறேன். ரெஸ்ட்ரிக்டருக்கு 'ஓட்டநெருக்கி' சரிவருமா, உதகை அண்ணா?