மாடுலஸுக்குத் தமிழ்: குணகமா, தடிமனா, ஆழமா?

எழுதுபவர்: கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்காக வார்ப்படத் தொழில் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். செக் பொறியாளர் ஹ்வோரினொவ் 1940இல் வெளியிட்ட விதியில் மாட்டிக்கொண்டேன்.

t = B (V/A)^2

t என்பது வார்ப்பு உறைய ஆகும் நேரம். V கன அளவு, A குளிரும் பரப்பு. B மணலையும் உலோகத்தையும் பொறுத்தது. அதை 'அச்சு மாறிலி' என்று எழுதிவிட்டேன். V/A என்ற பகுதியை மாடுலஸ் என்கிறார்கள். 'யங் குணகம்' இருப்பதால் இதற்கு 'வார்ப்புக் குணகம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

எழுதுபவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

குணகம் வேண்டாம். கெழுவுக்கும் அதையே சொல்கிறோம், மாணவர் குழம்புவார். ஒன்றை ஒன்றால் வகுப்பதால் 'பருமப் பரப்பு விகிதம்' என்றால் போதும். விகிதத்துக்கு அலகு கிடையாது என்பதால் அந்தத் தொல்லையும் இல்லை.

எழுதுபவர்: கோவை பவுண்டரிக்காரர்

ஐயா சொன்னதில் பாதி சரிங்க. குணகம் வேண்டாம். ஆனால் இதுக்கு அலகு இருக்கு. கன சென்டிமீட்டரைச் சதுர சென்டிமீட்டரால் வகுத்தால் சென்டிமீட்டர்தானே மிஞ்சும்? இது ஒரு நீளம். பெரிய தட்டு ஒன்றை எடுத்தால் மாடுலஸ் கிட்டத்தட்ட அதன் கனத்தில் பாதி.

ஒரே எடையில் இரண்டு எஃகு வார்ப்பு பாருங்க. ஒன்று 10 செ.மீ. கட்டி: 1000ஐ 600ஆல் வகுத்தால் 1.67 செ.மீ. இன்னொன்று 20 × 20 × 2.5 தட்டு: அதுவும் 1000 கன செ.மீ.தான், பரப்பும் 1000, அதனால் 1 செ.மீ. தட்டு 3 நிமிடத்தில் உறைந்தால், அதே மணலில் கட்டிக்கு 8 நிமிடத்துக்கு மேல் ஆகும். எடையைப் பார்த்து நேரம் சொல்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுவாங்க.

உறையும்போது சுருங்கும் வார்ப்புக்கு உருகிய உலோகம் ஊட்டுகிற ரைசர் வைக்க இதுதான் கணக்கு. ரைசர் வார்ப்புக்குப் பிறகு உறையணும், அதனால் அதன் மாடுலஸ் 1.2 மடங்கு இருக்கணும். அந்தக் கட்டிக்கு 2 செ.மீ. வேணும். உயரமும் விட்டமும் சமமான உருளைக்கு மாடுலஸ் விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. ஆக, பக்கவாட்டு ரைசர் 12 செ.மீ. விட்டம். நான் ஆரம்பத்தில் 'கட்டி 10, ரைசரும் 10 போதும்' என்று வைத்துத் தொலைத்தேன். ரெண்டுக்கும் மாடுலஸ் ஒன்றே! ரைசர் தலை குழி விழாமல் அழகாக நின்றது. கட்டியை அறுத்தால் உள்ளே பொந்து.

எழுதுபவர்: சுவாமிமலை சிற்பி

தம்பி, எங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பெரிய சிலைன்னா ஊற்றின அன்றைக்கே களிமண் அச்சை உடைக்க மாட்டோம். நீங்க நிமிடத்தில் சொல்றீங்களே?

எழுதுபவர்: கோவை பவுண்டரிக்காரர்

அண்ணா, நீங்க சொல்றது ஆறுகிற நேரம். இது திரவம் முழுக்கத் திடமாகிற வரைக்கும் மட்டும். திடமான பிறகும் சிலை செக்கச் செவேல்னுதான் இருக்கும். அதனால் 'குளிர்நேரம்' என்று பெயர் வைத்தால் தப்பாயிடும், 'உறைநேரம்' நல்லது. V/Aக்கு 'உறைதடிமன்' எப்படி?

எழுதுபவர்: யாழ்ப்பாணத்துப் பொறியியல் மாணவி

ஐயா, எங்கட ஊரில் தடிமன் எண்டால் மூக்கடைப்பு! உறைதடிமன் எண்டு வாசிச்சால் தும்மல்தான் நினைவுக்கு வரும். 'உறையளவு' எண்டாலும் தலையணை உறை மாதிரி இருக்கு. வெப்பம் வெளியேற எவ்வளவு ஆழத்தைக் கடக்க வேணும் எண்டதுதானே கருத்து? உறைவு, ஆழம் சேர்த்து 'உறைவாழம்' எண்டு சொல்லலாமே?

ஒரு கேள்வி: ஏன் வர்க்கம்?

எழுதுபவர்: கோவை பவுண்டரிக்காரர்

மணல் வெப்பத்தை இழுக்க இழுக்க அதன் ஓரம் சூடேறி, பிறகு மெதுவாகத்தான் இழுக்கும். இழுத்த மொத்த வெப்பம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளரும். நேரத்தைப் பிரித்தெடுத்தால் V/A வர்க்கமாகிவிடும். உலோக அச்சில் வார்ப்புக்கும் அச்சுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் தடை. அங்கே அடுக்கு இரண்டிலிருந்து ஒன்றை நோக்கிக் குறையும். கையேட்டில் 'மணல் அச்சுக்கு' என்று ஒரு சொல் சேர்த்துடுங்க.

உறைவாழம் பரவாயில்லை. ஆனால் மூலைகள் சீக்கிரம் உறையுமே, அந்த இடத்து 'ஆழம்' என்னன்னு பசங்க கேட்டால்? இது முழு வார்ப்புக்கும் ஒரே எண்.

எழுதுபவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அலகு விஷயத்தில் பிழை என்னுடையதே. 'உறைவாழம்' இலக்கணப்படி சரி. 'சராசரி உறைவாழம்' என்றால் மூலைச் சிக்கல் தீருமா?

எழுதுபவர்: கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

வரைவில் இப்போதைக்கு 'உறைவாழம்' என்று மாற்றுகிறேன். 'சராசரி' சேர்ப்பதை முடிவு செய்யவில்லை. அடுத்த அத்தியாயத்தில் சில் வருகிறது. உறைதலை விரைவுபடுத்த அச்சுக்குள் வைக்கும் இரும்புத் துண்டுக்கு உங்கள் பட்டறையில் என்ன சொல்கிறீர்கள், கோவை அண்ணா?