விலை 85 ரூபாய், ஆனால் 'மட்டமான சரக்கு' என்ற பெயர்: வழி சொல்லுங்கள்

திருப்பூரில் 3 வருடமாகச் சொந்தப் பெயரில் ஆண்கள் பனியன் போடுகிறோம். கோம்டு நூல், 150 ஜிஎஸ்எம், கடையில் 85 ரூபாய். முதல் வருடம் கழுத்து ரிப் தொளதொளவென்று ஆகிறது என்ற புகார் வந்தது உண்மை. லைக்ரா கலந்த ரிப்புக்கு மாறிய பிறகு அந்தப் புகார் நின்றுவிட்டது. இப்போது 30 முறை துவைத்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு லாட்டையும் அனுப்புகிறோம்.

ஆனாலும் ஈரோடு, கரூர் கடைகளில் எங்கள் சரக்கை வாசல் கூடையில்தான் கொட்டி வைக்கிறார்கள். "விலை கம்மிதான், எத்தனை நாள் உழைக்கும்?" என்றுதான் வாங்க வருபவர்கள் கேட்கிறார்களாம்.

பளபளப்பான அட்டைப்பெட்டி போட்டோம். பீஸுக்கு 4 ரூபாய் கூடியதுதான் மிச்சம். அப்புறம் தீபாவளிக்கு 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' அறிவித்தோம். அது இன்னும் கெடுத்தது. தேங்கிய சரக்கு என்றே நினைத்தார்கள். விலையை ஏற்றினால் எங்களை நம்பி வாங்கும் கூலித் தொழிலாளர்களை இழப்போம், அதனால் ஏற்ற மாட்டோம்.

'6 மாதத்துக்குள் கழுத்து தளர்ந்தால் வாங்கிய கடையிலேயே மாற்றித் தரப்படும்' என்று கவரில் அச்சிட யோசிக்கிறோம். இப்படி உத்தரவாதம் கொடுத்தவர்கள், கடைக்காரர் தட்டிக்கழிக்காமல் மாற்றித் தர என்ன ஏற்பாடு செய்தீர்கள்?