அஞ்சல்பெட்டி நிரம்புவதைக் காட்டும் பட்டைக்கு என்ன சொல்?

கவிதா எழுதியது:
வணக்கம். அஞ்சல் செயலியின் எச்சரிக்கைகளை மொழிபெயர்க்கிறேன். ‘கோட்டா’ வரும் இடங்களில் பழைய கோப்பு ‘இட ஒதுக்கீடு’ என்கிறது. படித்தவுடன் கல்லூரிச் சேர்க்கைதான் நினைவுக்கு வருகிறது. ‘கொள்ளளவு’ எனலாமா?

இராசேந்திரன்:
எனக்கும் அந்த எச்சரிக்கை வருகிறது அம்மா. என் கணினியில் 200 ஜிபி காலியாக இருக்கிறதே! செய்திமடல்களையெல்லாம் அழித்தும் பட்டை அசையவில்லை.

சந்திரசேகரன்:
இராசேந்திரன் ஐயாவின் குழப்பமே ‘கொள்ளளவு’ ஏன் கூடாது என்று காட்டுகிறது. அதைப் படிப்பவர் தம் கணினி வட்டைத்தான் பார்ப்பார். பட்டை அளப்பதோ வழங்கியில் நமக்கு விட்டிருக்கும் இடத்தை. வழங்கி அனுப்பும் வரி இப்படி இருக்கும்:

```
* QUOTA "" (STORAGE 1006633 1048576)
```

முதல் எண் பயன்பட்டது, அடுத்தது எல்லை. அலகு 1024 பைட். ஆக 1 ஜிபியில் 96 விழுக்காடு நிரம்பிவிட்டது, மிச்சம் ஏறக்குறைய 41 எம்பி. ‘இடவரம்பு’ என் பரிந்துரை.

ஐயா, செய்திமடல் ஒன்று 20 கேபி என்றால் 400 மடல்களை அழித்தாலும் 8 எம்பிகூடக் கிடைக்காது. பட்டையில் ஒரு விழுக்காடும் குறையாது. ‘அனுப்பியவை’ உறையைத் திறந்து அளவு வாரியாக அடுக்கிப் பாருங்கள். 10 எம்பி படம் அஞ்சலில் குறியேற்றம் பெற்றுப் போகும்போது 13 எம்பியைத் தாண்டிவிடும். அப்படி மூன்று மடல்கள் போனாலே 40 எம்பி திரும்பக் கிடைக்கும். படங்களைக் கணினியில் சேமித்து, திறந்து பார்த்துவிட்டு அழியுங்கள்.

பாரூக்:
குப்பைத் தொட்டியைக் காலி செய்தால் போதும் அண்ணா, அதுவும் கணக்கில்தான் இருக்கிறது.

சந்திரசேகரன்:
பாதி சரி தம்பி. அழித்த மடல் தொட்டிக்குப் போகும் அமைப்பில் நீங்கள் சொல்வது பொருந்தும். சிலர் ‘அழித்ததாகக் குறியிடு’ என்று வைத்திருப்பார்கள். அங்கே மடல் பழைய உறையிலேயே கோடிட்டபடி கிடக்கும். தண்டர்பேர்டில் அந்த உறையை ‘காம்பாக்ட்’ செய்தால்தான் வழங்கி அதை உண்மையில் நீக்கும். பட்டையும் அப்போதுதான் இறங்கும்.

இராசேந்திரன்:
தொட்டியில் செய்திமடல்கள் குவிந்திருந்தன. காலி செய்தேன், பட்டை கொஞ்சம்தான் நகர்ந்தது. ‘அனுப்பியவை’யில் பேத்தியின் திருமணப் படங்கள் இருக்கின்றன. சேமித்த பிறகே தொடுவேன்.

கவிதா:
‘இடவரம்பு’ எனக்குப் பிடித்திருக்கிறது, கோப்பில் மாற்றிவிடுகிறேன். பட்டைக்கு ‘இடவரம்புப் பட்டை’ நீளம். கைபேசித் திரையில் வெட்டுப்படும். ‘நிரப்புப் பட்டை’?

பாரூக்:
‘நிரப்பு’ என்றால் நிரப்பச் சொல்லும் கட்டளைபோல இருக்கிறது. ‘இடப்பட்டை’ போதுமே.

சந்திரசேகரன்:
இடப்பக்கப் பட்டை என்று படிப்பார்கள். நான் நீளமானதையே ஆதரிக்கிறேன். அதைவிட ‘காம்பாக்ட்’ கட்டளைக்கு நல்ல சொல் அவசரம். ‘சுருக்கு’ என்று போட்டால் ஜிப் கோப்பாக்குவது என்று எண்ணி யாரும் அழுத்த மாட்டார்கள்.