மறுத்தவரிடமே வாராவாரம் கேட்கும் குக்கீ பட்டை

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் தமிழ்ப் புத்தகக் கடையின் இணையதளத்துக்கு ஐரோப்பிய வாசகர்களும் வருகிறார்கள். குக்கீ அனுமதிப் பட்டையில் 'ஏற்கிறேன்' பளிச்சென்ற பொத்தானாகவும், 'மறுக்கிறேன்' மங்கிய சாம்பல் எழுத்தாகவும் இருந்தன. இரண்டையும் ஒரே அளவு, ஒரே நிறமாக மாற்றிவிட்டேன். எதையும் அழுத்தும் முன் `_ga` பதிவாகவில்லை என்பதையும் சோதித்துவிட்டேன்.

சிக்கல் ஐபோன் சஃபாரியில்தான். மறுத்தவர் ஒரு வாரம் கழித்து வந்தால் பட்டை மீண்டும் கேட்கிறது. அலுக்கவைத்துச் சம்மதம் வாங்கும் தந்திரம் என்றே யாரும் நினைப்பார்கள். பதிலை `document.cookie` வழியாக ஆறு மாதத்துக்குச் சேமிக்கிறோம். சஃபாரியோ அதை 7 நாளில் அழித்துவிடுகிறது. `localStorage`-க்கு மாற்றியும் பயனில்லை. சர்வர் `Set-Cookie` அனுப்பினால் தீரும், ஆனால் எங்களுடையது வெறும் ஸ்டேட்டிக் தளம்.

தளத்தை இடம் மாற்றாமல், அந்த ஒரு குக்கீயை மட்டும் சர்வர் வழியாக அனுப்ப எளிய வழி உண்டா?