450 பேர் கல்யாணத்துக்கு பச்சை அரிசி எத்தனை கிலோ? மாஸ்டர் 75ங்கிறார், மாமா 40ங்கிறார் (அவசரம்)

பொண்ணு_வீட்டுத்_தம்பி
எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயித்துக்கிழமை தங்கச்சி கல்யாணம், கும்பகோணம் பக்கம். மதிய சாப்பாட்டுக்கு 450 பேர். சமையல் மாஸ்டர் கொடுத்த சீட்டுல அரிசி 75 கிலோன்னு இருக்கு. மாமா பாத்துட்டு "40 போதும், மீதியை அவன் மூட்டை கட்டிடுவான்"ங்கிறார். பச்சை அரிசி எவ்வளவு வாங்கணும்? நாளைக்குள்ள கடைக்குச் சொல்லணும். சீக்கிரம் சொல்லுங்க.

வெண்கலப்பானை
பச்சரிசியிலயா சாப்பாடு போடுறீங்க? உங்க பக்கம் அப்படியா?

பொண்ணு_வீட்டுத்_தம்பி
இல்லக்கா, வேகவைக்காத அரிசின்னு சொல்ல வந்தேன். பொன்னி புழுங்கல்தான்.

சீரகசம்பா_சலீம்
1 கிலோ அரிசிக்கு 1 கிலோ கறி, 10 பேர் சாப்பிடலாம். 450க்கு 45 கிலோ. கறி எலும்போட எடுத்தா 50 எடுங்க. எங்க வீட்டு நிக்காஹ்வுக்கு அப்படித்தான் எடுத்தோம், சரியா இருந்துச்சு.

வெண்கலப்பானை
சலீம் பாய், அவர் இலைச் சாப்பாடு கேக்குறார், பிரியாணி இல்ல.

கோவை_குமரன்
வீட்டுல ஆளுக்கு 150 கிராம் போடுறோம். 450 × 150 = 67.5 கிலோ. மாஸ்டர் சொல்றது கிட்டத்தட்ட சரிதான். குறைச்சு வாங்கி மானம் போறதுக்கு மிஞ்சினா பரவாயில்ல.

அடுப்படி_ஆசான்
இந்த மாதிரி கேள்வி மாசத்துக்கு நாலு வருது. யாரும் பழைய இழையைத் தேடிப் பாக்குறதில்ல. அந்தக் காலத்துல சமையல்காரர் கால்குலேட்டர் வச்சா கணக்குப் போட்டார்? எட்டு பேருக்கு ஒரு படி. 450க்கு 56 படி. முடிஞ்சது கணக்கு.

கரண்டி_மணி
ஆசான் ஐயா, எந்தப் படி? ஒரு ஊர்ல படி அரிசி ஒண்ணரை கிலோ நிக்குது, இன்னொரு ஊர்ல ஒரு கிலோ சொச்சம்தான் நிக்குது. 56 படிக்கு 20 கிலோவுக்கு மேல வித்தியாசம் வரும். கடையில இப்ப கிலோவுலதான் தர்றான்.

தம்பி, எண்ணிக்கை சொல்றதுக்கு முன்னாடி நாலு விஷயம் வேணும். 450ங்கிறது பத்திரிகைக் கணக்கா, ஆள் கணக்கா? காலை டிபன் உண்டா, முகூர்த்தம் எத்தனை மணி? இலையில வெள்ளைச் சோறு தவிர வேற சாதம் இருக்கா? மண்டபத்துல ஒரு பந்திக்கு எத்தனை பேர் உக்காரலாம்? இன்னொண்ணு, மாஸ்டர் சீட்டுல அந்த 75 எந்தத் தலைப்புக்குக் கீழ இருக்குன்னு பாருங்க.

பொண்ணு_வீட்டுத்_தம்பி
பத்திரிகை 300, அதுல ஆள் கணக்கு 450ன்னு வச்சிருக்கோம். முகூர்த்தம் 9 - 10.30. காலையில இட்லி, பொங்கல், வடை. மதியம் 11.30க்கு முதல் பந்தி. வெஜிடபிள் பிரியாணி கொஞ்சம், அப்புறம் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர். பந்திக்கு 160 பேர். சீட்டுல "அரிசி - 75"ன்னு மட்டும் இருக்கு, வேற ஒண்ணும் இல்ல.

கரண்டி_மணி
அப்ப உங்க மாமாவும் மாஸ்டரும் வேற வேற அரிசியைப் பத்திப் பேசுறாங்க. மாஸ்டர் அந்த நாள் முழுக்க ஆகுற அரிசியைச் சொல்றார். மாமா மதியம் வெள்ளைச் சோறை மட்டும் நினைக்கிறார். பிரிச்சுப் பாருங்க.

வெள்ளைச் சோறு: ஏற்கெனவே பிரியாணி ரெண்டு கரண்டி உள்ள போயிருக்கும், காலையில பொங்கலும் தின்னிருப்பாங்க. அதனால பந்தியில சராசரி ஆள் குழம்புகளுக்கு 120 கிராம் சோறு, ரசத்துக்கு 90, மோருக்கு 60 வாங்குவார். மொத்தம் 270 கிராம். பழைய பொன்னி புழுங்கலை வடிச்சா 1 கிலோ 2.7 கிலோ சோறாகும். ஆக ஆளுக்கு 100 கிராம் அரிசி. இலையில ஒதுக்குறது, அண்டா அடியில நிக்கிறது, வாளியில ஆறிப் போறதுன்னு பத்து சதவீதம் சேருங்க. 110 கிராம். 450க்கு 49.5 கிலோ.

பிரியாணி: தொட்டுக்கிற மாதிரி கொஞ்சம்னா ஆளுக்கு 35 கிராம். சுமார் 16 கிலோ. அது சீரக சம்பா இல்லன்னா பாஸ்மதி, தனி மூட்டை.

காலைப் பொங்கல்: எல்லாரும் காலையில வர மாட்டாங்க. 250 பேருக்கு ஆளுக்கு 40 கிராம் பச்சரிசின்னா 10 கிலோ. இட்லி மாவு அரிசி தனி, அதை மாஸ்டரே அரைச்சுட்டு வருவார்னா இதுல சேராது.

மூணையும் கூட்டினா 75க்கு பக்கத்துல வருது. மாஸ்டர் ஏமாத்தலன்னு நினைக்கிறேன், சீட்டை ஒழுங்கா எழுதல, அவ்வளவுதான். ஒரே வகை அரிசியில 75 வாங்கிடாதீங்க, அதுதான் ஆபத்து.

கோவை குமரன் சொல்ற 150 வீட்டுச் சாப்பாட்டுக்குச் சரி. வீட்டுல ஒரு குழம்பு, ஒரு பொரியல், அப்ப சோறுதான் வயித்தை ரொப்பும். கல்யாண இலையில பதினஞ்சு ஐட்டம் வச்சுட்டு அதே சோறை எதிர்பார்க்க முடியாது.

கோவை_குமரன்
சரி ஒத்துக்கிறேன். ஆனா 110 கைக்கடக்கமா இருக்கே? கடைசிப் பந்தியில வேலைக்காரங்க, மேளக்காரங்க, டிரைவருங்கதான் உக்காருவாங்க. அவங்க பசியோட இருப்பாங்க, 150க்குக் குறையாது. அவங்க 450லயே இல்ல.

கரண்டி_மணி
நல்ல பாயிண்ட். 35 பேர்னு வச்சு தனியா 5 கிலோ சேருங்க. ஆனா பத்திரிகை 300ன்னா 450 பேரும் மதிய இலைக்கு உக்காருறது அபூர்வம். காலையில டிபன் தின்னுட்டு மொய் எழுதிட்டுக் கிளம்புறவங்க இருப்பாங்க. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டும்.

வெண்கலப்பானை
2.7ங்கிறதை அப்படியே நம்பாதீங்க தம்பி. வாங்கப்போற அரிசியிலயே 200 கிராம் நிறுத்து வீட்டுல வடிச்சுப் பாருங்க. கஞ்சி நல்லா இறங்கினப்புறம் சோறை நிறுங்க. 540 கிராம் வந்தா 2.7. இந்த அறுவடைப் புது அரிசியா இருந்தா 460, 470 தாண்டாது, சோறும் ஒட்டும். அப்படின்னா ஆளுக்கு 15 கிராம் கூடப் போகும், சாம்பார் ஊத்தினதும் களி மாதிரி ஆயிடும். பழைய அரிசி நல்லா காணும், காசு கொஞ்சம் கூட இருந்தாலும் அதையே கேளுங்க.

சாமி_சமையல்
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். சைவக் கல்யாணத்துக்குப் பச்சரிசிதான் அழகு. இலையில மல்லிகைப்பூ மாதிரி நிக்கும், பருப்பும் நெய்யும் அதுல இறங்குற மாதிரி புழுங்கல்ல இறங்காது. ஏன் எல்லாரும் புழுங்கலுக்கே கணக்குப் போடுறீங்க?

வெண்கலப்பானை
அழகு சரி, பதம்? பச்சரிசி பெரிய அண்டாவுல பதத்துக்கும் குழைவுக்கும் நடுவுல மூணு நிமிஷம் கூட நேரம் கொடுக்காது. ரெண்டு மணி நேரம் வச்சிருந்தா ஆறி விறைச்சுக்கும். மூணு பந்திக்குப் புழுங்கல்தான் தாங்கும்.

சாமி_சமையல்
வடிக்கத் தெரியாதவங்க அரிசியைக் குறை சொல்லக்கூடாது.

அடுப்படி_ஆசான்
ரெண்டு பேரும் தப்பு. மூட்டையே 25 கிலோன்னு சொல்லி ஏமாத்துறாங்க, அதைப் பேசுங்க முதல்ல.

கரண்டி_மணி
ஏமாத்து இல்ல ஐயா. 2022 ஜூலையில 25 கிலோ வரைக்குமான லேபிள் மூட்டைக்கு 5% ஜிஎஸ்டி வந்தப்ப மில்காரங்க 26 கிலோவா மாத்திட்டாங்க. தம்பிக்கு அது வசதிதான். ரெண்டு சிப்பம் வாங்கினா 52 கிலோ.

இனிமே முக்கியமானது. 52 கிலோ வாங்குங்க, ஆனா 52ஐயும் ஒரே மூச்சுல வடிக்க விடாதீங்க. கல்யாணத்துல சோறு மிஞ்சுறது வாங்கின கணக்குல இல்ல, வடிக்கிற கணக்குலதான். முதல் பந்தி 160 பேருக்கு 18 கிலோ. அது பரிமாறும்போதே ரெண்டாவது 18 கிலோ வெந்துட்டு இருக்கணும். மூணாவதுக்கு உலையை மட்டும் கொதிக்க வச்சு நிறுத்துங்க. ரெண்டாவது பந்தி உக்கார்ந்ததும் ஒருத்தர் மண்டபத்துல வெளிய நிக்கிற ஆளை எண்ணட்டும், தலைக்கு 110 கிராம் போட்டு அரிசியைக் கழுவச் சொல்லுங்க. உலை தயாரா இருந்தா புழுங்கல் வெந்து வடிய முக்கால் மணி நேரம் பிடிக்கும், ஒரு பந்தி எழுந்திருக்கிறதும் அதே நேரம்தான். உலை ஆறிப் போயிருந்தா கணக்கு உதைக்கும், அதனால அடுப்பைச் சிம்லயாவது வைக்கணும். கழுவாத அரிசி அரிசியாவே நிக்கும், பிரிக்காத மூட்டையைக் கடைக்காரர் திருப்பி எடுத்துப்பார், முன்னாடியே பேசி வைங்க.

ஒரு அண்டாவுக்கு 10 கிலோவுக்கு மேல போட வேண்டாம்னு மாஸ்டர்கிட்ட சொல்லுங்க. 25 கிலோ ஒண்ணா போட்டா மேல அரிசி வேகுறதுக்குள்ள அடி குழைஞ்சுடும். விரல்ல நசுக்கினா நடுவுல வெள்ளைப் பொட்டு லேசா தெரியும்போதே வடிச்சு, துணி விரிச்ச மூங்கில் தட்டுல கொட்டி ஆவி போகவிடணும். மீதி வேக்காடு அந்தச் சூட்டுலயே முடியும். முழுசா வெந்தப்புறம் வடிச்சா, ஹாட்பாக்ஸ்ல போட்ட அரை மணி நேரத்துல அடிச்சோறு கட்டி ஆயிடும். அப்புறம் அதை யாரும் பரிமாற மாட்டாங்க, அரிசி பத்தலன்னு கூப்பாடு கிளம்பும்.

கோவை_குமரன்
மிஞ்சினா ராத்திரிக்குத் தயிர் சாதம் ஆக்கிடலாம்ல?

வெண்கலப்பானை
மத்தியானம் 11க்கு வடிச்ச சோறு ராத்திரி 8 மணிக்கு வேண்டாம் குமரா. மூடின அண்டாவுல நாள் முழுக்க வெதுவெதுன்னு கிடந்த சோறு, மணம் மாறாமலே வயித்தைக் கெடுக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் சரியாகாது. மத்தியானமே பக்கத்து இல்லத்துக்குக் கொடுத்தனுப்புங்க.

சாமி_சமையல்
பச்சரிசி விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

பொண்ணு_வீட்டுத்_தம்பி
ரொம்ப நன்றி மணி அண்ணே, அக்கா. அம்மா 200 கிராம் வடிச்சாங்க, 520 வந்துச்சு. மாஸ்டர்கிட்ட கேட்டேன், அந்த 75ல பொங்கல், பிரியாணி எல்லாம் அடக்கமாம். மாமா இன்னும் 40லயே நிக்கிறார்.

கரண்டி_மணி
520ன்னா 2.6. ஆளுக்கு 4 கிராம் கூட வரும், 450க்கு 2 கிலோ. 52க்குள்ளயே அடங்கிடும். கடைசிப் பந்திக்கு உள்ள 5 கிலோவுக்கு மட்டும் மண்டபம் பக்கத்துக் கடையில சொல்லி வைங்க, வேணும்னா எடுத்துக்கலாம்.

சீரகசம்பா_சலீம்
அந்த 16 கிலோ வெஜ் பிரியாணியைத் தம்ல போடச் சொல்லுங்க. வடிச்சுக் கலந்தா சீரக சம்பா உடைஞ்சு போகும்.

அடுப்படி_ஆசான்
தம்பி கல்யாணம் முடிஞ்சதும் வந்து சொல்லவே மாட்டார் பாருங்க. எல்லாரும் அப்படித்தான்.

பொண்ணு_வீட்டுத்_தம்பி
வந்துட்டேன் ஐயா. ரெண்டு பந்தி நிறைஞ்சுது, மூணாவதுல வேலைக்காரங்களோட சேர்த்து 90 பேர். 18, 18, கடைசியா 11 போட்டோம். 5 கிலோ அரிசி வீட்டுக்கு வந்துடுச்சு. சோறு அரைக் குண்டான் மிஞ்சுச்சு, மாமா அதை மட்டும் எல்லார்கிட்டயும் காட்டிட்டு இருக்கார். ரசம்தான் ரெண்டாவது பந்தியிலயே காலி.