1.2 கிலோ அண்டர்கட்: கணக்குப்படி 68 நிமிடம் வைத்தும் காய்ந்துவிட்டது, எங்கே தப்பு?

ஜோ, முத்தியால்பேட்டை

கிறிஸ்துமஸுக்கு மாட்டிறைச்சி ரோஸ்ட் செய்ய நினைத்து, ஒத்திகையாகப் போன ஞாயிறு 1.2 கிலோ அண்டர்கட், அதாவது முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மிருதுவான கறி, வாங்கினேன். 500 கிராமுக்கு 20 நிமிடம், கூடவே 20 நிமிடம், 180 டிகிரி என்று ஒரு கணக்கு உண்டல்லவா? அதன்படி 68 நிமிடம். மீடியமாக, நடுவில் இளஞ்சிவப்பாக வரும் என்று எதிர்பார்த்தேன். வெட்டினால் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே சாம்பல் நிறம். மென்றால் வாயில் மரத்தூள் மாதிரி இருந்தது. தெர்மாமீட்டரைக் குத்தினால் 76 காட்டியது. கறி சரியில்லையா, ஓவன் சரியில்லையா?

ஸ்டெல்லா, லாஸ்பேட்டை

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்திருப்பீர்கள் தம்பி. இரண்டு மணி நேரம் வெளியே வைக்கணும். அப்புறம் தோசைக்கல்லில் நாலு பக்கமும் சுட்டெடுத்தால் சாறு உள்ளேயே அடைபட்டுவிடும்.

மரி, நெல்லித்தோப்பு

நான் போன மாதம் முன்னங்கால் கறியை 60 டிகிரியில் எடுத்தேன், ரப்பர்தான். நம்ம ஊர்க் கறிக்கு இதெல்லாம் ஒத்து வராது. குக்கரில் ஏழெட்டு விசில் விட்டு வறுத்துவிடுங்கள்.

தாஸ், ஹோட்டல் சமையல்

ஜோ, கறியில் குற்றமில்லை. அந்தக் கணக்கு உருண்டையான, தடித்த துண்டுக்கு எழுதியது. அண்டர்கட் நீளமானது. 600 கிராம் வாங்கினாலும் 1.2 கிலோ வாங்கினாலும் நீளம்தான் கூடுமே தவிர தடிமன் ஏறக்குறைய அதேதான். சூடு பக்கவாட்டிலிருந்து நடுவுக்குப் போகிறது, அதனால் நேரத்தை முடிவு செய்வது தடிமன்தான், எடையல்ல. உங்கள் துண்டுக்கு 40 நிமிடமே போதுமாக இருந்திருக்கும்.

எடைக் கணக்கை எப்போது தெர்மாமீட்டரை முதலில் குத்தணும் என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆறிய பிறகு நடுவில் இருக்க வேண்டிய சூடு: ரேர் 50-52, மீடியம் ரேர் 54-57, மீடியம் 60-63, வெல்டன் 70க்கு மேல். வெளியே எடுத்த பிறகும் ஓரத்துச் சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், இந்த அளவுத் துண்டில் 5 டிகிரி வரை ஏறும். மீடியத்துக்கு 55-லேயே எடுத்துவிடுங்கள்.

ஸ்டெல்லா அக்கா, முதலில் சுடுவது நல்லதுதான், ருசியும் நிறமும் அதில்தான் வரும். ஆனால் சாறு அடைபடாது, சுட்ட துண்டிலும் சாறு வடியும். இரண்டு மணி நேரம் வெளியே வைத்தாலும் நடு கொஞ்சம்தான் சூடேறும், நம்ம ஊர் வெக்கையில் மேலே கெட ஆரம்பிக்கும். அரை மணி போதும்.

மரி, நீங்கள் சொல்வது முன்னங்காலுக்குச் சரி. அதில் சவ்வு நிறைய. 90 டிகிரி பக்கம் மணிக்கணக்கில் வெந்தால்தான் அது இளகும். அண்டர்கட்டில் சவ்வு மிகக் குறைவு, கூடுதலாக வெந்தால் காய்வது ஒன்றுதான் மிச்சம்.

ஸ்டெல்லா, லாஸ்பேட்டை

சரி தம்பி, அரை மணிதான் இனி. ஆனால் எங்கள் மாமியார் சிவப்பைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிடுவார். இது பத்திரமா?

தாஸ்

முழுத் துண்டுக்கு அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி 63 டிகிரியும், எடுத்த பிறகு 3 நிமிடம் ஆறவிடுவதும் சொல்கிறது. ரேரும் மீடியம் ரேரும், 63-ஐத் தொடாத மீடியமும் அதற்குக் கீழே, அது சாப்பிடுகிறவர் முடிவு. கர்ப்பிணிக்கும் வயதானவருக்கும் நான் 70 தாண்டியதைத்தான் கொடுப்பேன். அண்டர்கட்டின் வால் முனை மெல்லியது, தானாகவே வெல்டன் ஆகும், அதை மாமியாருக்கு வையுங்கள். குத்திப் பார்த்துவிட்டு வைத்தால் போதும்.

ஜோ

இன்று மறுபடி செய்தேன், 1.1 கிலோ. முதலில் ஓவனுக்குள் தனித் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். குமிழ் 180-இல், உள்ளே 205! இறைச்சித் தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்தேன், 100 காட்டியது, அது சரியாக இருக்கிறது.

கறியில் உப்பு, மிளகு தடவி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு நூல் கட்டி, கல்லில் சுட்டேன். உள்ளே 180 வரும்படி குமிழைக் குறைத்தேன். 25-வது நிமிடம் குத்தினேன், 41. 33-இல் 51. 36-இல் 55, எடுத்துவிட்டேன். அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்தி 15 நிமிடம் விட்டேன், முள் 60-இல் நின்றது. வெட்டியதும் ஓரத்தில் விரல் அகலம் பழுப்பு, உள்ளே முழுக்க இளஞ்சிவப்பு. பலகையில் இரண்டு ஸ்பூன் சாறுதான் வடிந்தது. ஆனால் வால் முனை அப்பாவுக்கே காய்ந்ததாகத் தோன்றியது.

தாஸ்

வால் முனையை மடித்து உள்ளே செருகிக் கட்டிப் பாருங்கள், தடிமன் ஒன்றாகும். அப்போது மாமியார் துண்டு கிடைக்காது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மரி

அப்போ தொடைக் கறி 2 கிலோ உருண்டையாகக் கட்டி வைத்தால்? அதில் சவ்வு பாதி இருக்கும், பாதி இருக்காது.

தாஸ்

மாட்டின் வயதைப் பொறுத்தது மரி. கடையில் கேட்டு வாங்கி, ஒரு சின்னத் துண்டை முதலில் வறுத்து மென்று பாருங்கள். அதற்கு மேல் நானும் இங்கிருந்து சொல்ல முடியாது.